கணக்கில் வந்து விழுந்த அந்நியர் பணம்

2012-ல் திருப்பூரில் ஒரு எல்ஐசி ஏஜென்டின் கணக்கில் 40 லட்சம் ரூபாய் வந்து விழுந்தது. பொதுப்பணித் துறைக்குப் போக வேண்டிய அரசுப் பணம் அது. கணக்கு எண் மாறியதால் கார்ப்பரேஷன் வங்கியில் இருந்த இவருடைய கணக்கில் வரவு வைக்கப்பட்டது. தவறு பல மாதங்கள் யார் கண்ணிலும் படவில்லை. வங்கி கண்டுபிடித்துத் திருப்பிக் கேட்டபோது பணம் இல்லை. சொத்து வாங்கியிருந்தார்கள், மகள் கல்யாணத்தை முடித்திருந்தார்கள். வங்கி போலீசுக்குப் போனது, வழக்கு நடந்தது, 2019-ல் கணவன் மனைவி இருவருக்கும் மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது திருப்பூர் நீதிமன்றம்.

இந்தச் செய்தியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "தப்பு பண்ணது பேங்க். இவங்க என்ன திருடவா போனாங்க? அதுக்கு எப்படி ஜெயில்?" கேள்வி நியாயமானது போலத்தான் தெரிகிறது. ஆனால் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று கொஞ்சம் தோண்டினால் விஷயம் வேறு. நான் வக்கீல் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். பணப் பரிவர்த்தனை மென்பொருள்களோடு கொஞ்ச காலம் மல்லுக்கட்டிய பழக்கத்தில், இதைச் சட்டம் பாதி, தொழில்நுட்பம் பாதி என்று படித்துக் குறித்து வைத்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் சட்டம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 403-வது பிரிவு, அடுத்தவர் பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வதைக் குற்றம் என்கிறது. திருட்டு வேறு, இது வேறு. திருட்டில் நாம் போய் எடுக்க வேண்டும். இதில் பொருள் குற்றமே இல்லாத வழியில் நம் கைக்கு வந்திருக்கலாம். நல்லெண்ணத்தோடு கூட எடுத்திருக்கலாம். நம்முடையது இல்லை என்று தெரிந்த பிறகு வைத்துக்கொள்கிறோமே, அந்த நிமிடத்தில்தான் குற்றம் ஆரம்பிக்கிறது. அந்தப் பிரிவின் கீழேயே சட்டத்தை எழுதியவர்கள் சில உதாரணங்கள் கொடுத்திருக்கிறார்கள். சாலையில் ஒரு ரூபாய் கிடக்கிறது, யாருடையது என்று தெரியாது, எடுத்துக்கொண்டால் குற்றம் இல்லை. அதே சாலையில் ஒரு கடிதம் கிடக்கிறது, உள்ளே ரூபாய் நோட்டு, கடிதத்தைப் படித்தால் யாருக்குச் சொந்தம் என்று தெரிகிறது. அந்த நோட்டை எடுத்துக்கொண்டால் குற்றம்.

வங்கிக் கணக்கில் வரும் பணம் இதில் எந்த வகை? சந்தேகமே இல்லை, கடிதத்துக்குள் வைத்த நோட்டு. ஒவ்வொரு வரவுக்கும் ஒரு குறிப்பு எண் இருக்கிறது, எந்த வங்கியிலிருந்து, எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை மணிக்கு என்று எல்லாம் பதிவாகியிருக்கிறது. "யாரோடதுன்னே தெரியல சார்" என்று வங்கிப் பணத்தை வைத்துக்கொண்டு சொல்லவே முடியாது.

எங்கள் மாவட்டத்தில் 2020 டிசம்பரில் உத்திரமேரூர் குழம்பேஸ்வரர் கோயில் திருப்பணியின்போது கருவறைப் படிக்கு அடியில் அரைக் கிலோவுக்கு மேல் தங்கம் கிடைத்தது. ஊர்க்காரர்கள் அதை வருவாய்த் துறையிடம் கொடுக்க முதலில் மறுத்தார்கள், முன்னோர் வைத்தது, கோயிலுக்கே திரும்ப வைப்போம் என்றார்கள். அங்கே யாருக்குச் சொந்தம் என்று வாதிட இடம் இருந்தது. வைத்தவர் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை. கணக்கில் விழுந்த பணத்துக்கு அந்த வாதமும் கிடையாது.

2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 403 இப்போது 314-வது பிரிவு. எண் மட்டும் மாறவில்லை. முன்பு இரண்டாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதாவது நீதிபதி நினைத்தால் அபராதத்தோடு விடலாம். இப்போது குறைந்தது ஆறு மாதம் சிறை, இரண்டாண்டு வரை போகலாம், அபராதமும் உண்டு. நிறைய பேருக்கு இந்த மாற்றம் தெரியாது.

குற்றவியல் சட்டம் போகட்டும், சிவில் சட்டம் இன்னும் நேரடி. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 72-வது பிரிவு, தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. கொடுத்தவர் கவனமாக இருந்தாரா, முட்டாள்தனமாக அனுப்பினாரா என்ற ஆராய்ச்சியெல்லாம் அந்த வரியில் இல்லை. மூன்று வருடம் பேசாமல் இருந்தால் காலாவதி ஆகிவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார். அதுவும் அப்படி இல்லை. தவறு காரணமாகத் தொடுக்கும் வழக்கில், தவறு தெரியவந்த நாளிலிருந்துதான் காலக்கெடு எண்ணப்படும் என்று காலவரையறைச் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது.

சரி, திருப்பிக் கொடுக்க வேண்டும், அது முடிவான விஷயம். யாரிடம், எப்படி என்பதில்தான் நல்ல மனிதர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

தவறான வரவில் இரண்டு வகை உண்டு. ஒன்று வங்கியே செய்யும் தவறு. 2023 செப்டம்பரில் சென்னையில் வாடகைக் கார் ஓட்டும் ஒரு இளைஞரின் கணக்கில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி 9,000 கோடி ரூபாயை வரவு வைத்துவிட்டது. அதுவரை அந்தக் கணக்கில் இருந்தது 105 ரூபாய். ஏமாற்று எஸ்எம்எஸ் என்று நினைத்த அவர், நிஜமா என்று பார்க்க நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்பிப் பார்த்தார். போய்விட்டது! அரை மணி நேரத்துக்குள் மிச்சப் பணம் முழுவதையும் வங்கி எடுத்துக்கொண்டது. பிறகு வங்கியோடு பேச்சுவார்த்தை நடந்து சுமுகமாக முடிந்தது. அவருக்கு நல்ல நேரம். பணம் நிஜமா என்று தெரிந்துகொள்ள இருப்பைப் பார்த்தால் போதும், செலவழித்துப் பார்க்க வேண்டியதில்லை. அனுப்பிப் பார்ப்பது, சட்டத்தின் கண்ணில் பயன்படுத்துவதுதான்.

இந்த முதல் வகையில் பெறுபவருக்கு வேலை குறைவு. தவறும் வங்கியுடையது, கணக்குப் புத்தகமும் வங்கியுடையது. அவர்களே தலைகீழ்ப் பதிவு போட்டுச் சரிசெய்துகொள்வார்கள். நாம் தொடாமல் இருந்து, கிளைக்கு எழுத்தில் தெரிவித்தால் போதும்.

இரண்டாவது வகைதான் தினசரி நடப்பது. முன்பின் தெரியாத ஒருவர், வேறு யாருக்கோ அனுப்ப வேண்டியதை ஓர் எண் மாற்றித் தட்டி நமக்கு அனுப்பிவிடுகிறார். இதில் ஒரு தொழில்நுட்பக் குறை இருக்கிறது. ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். ஓர் எண்ணை மாற்றித் தட்டினால் கணினி உடனே "இப்படி ஒரு ஆதார் கிடையாது" என்று சொல்லிவிடும். கிரெடிட் கார்டு எண்ணுக்கும் அப்படித்தான். மொபைல் எண்ணுக்கு அது கிடையாது. 7-க்குப் பதில் 1 தட்டினால் அது இன்னொரு உயிருள்ள மனிதரின் எண். பெரும்பாலும் அவரும் யூபிஐ வைத்திருப்பார். திரையில் பெயர் வரும், ஆனால் அவசரத்தில் யார் படிக்கிறார்கள்?

கணக்கு எண் போட்டு அனுப்பும் முறைகளில் பெயர் பொருந்துகிறதா என்று ரொம்ப நாள் யாருமே பார்த்ததில்லை. கணக்கு எண்ணை மட்டும் வைத்து வரவு வைக்கலாம், சரியான எண்ணைத் தருவது அனுப்புகிறவர் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. என்ஈஎஃப்டி, ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் அனுப்பும் முன் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கொண்டுவர வேண்டும் என்ற உத்தரவு 2024 டிசம்பரில்தான் வந்தது.

ஆக, அனுப்பியவர் தவறு என்றால் வங்கி தானாக நம் கணக்கிலிருந்து எடுக்காது. வங்கியைப் பொறுத்தவரை எந்தத் தவறும் நடக்கவில்லை, சொன்ன எண்ணுக்கு அனுப்பியது. அனுப்பியவர் தன் வங்கியில் புகார் கொடுப்பார், அந்த வங்கி நம் வங்கியைக் கேட்கும், நம் வங்கி நம்மிடம் சம்மதம் கேட்கும், கொடுத்தால் கழித்து அனுப்பும். இது சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை இழுக்கும். அந்த இடைவெளியில்தான் போன் வருகிறது.

பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் அண்ணனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். சொந்தத் தறி, முதலாளியிடம் பாவும் ஜரிகையும் வாங்கி நெய்து கூலி வாங்குபவர். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் கணக்கில் 24,000 ரூபாய் யூபிஐ-யில் வந்தது. முதலில் முதலாளிதான் முன்பணம் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்திருக்கிறார். பத்து நிமிடத்தில் போன். "சார், பொண்ணு காலேஜ் ஃபீஸ் சார், கடைசி நம்பர் மாத்திப் போட்டுட்டேன். திங்கக்கிழமை கட்டலைன்னா ஹால் டிக்கெட் குடுக்க மாட்டாங்க. நான் ஒரு நம்பர் சொல்றேன், அதுக்கு போட்டுடுங்க சார்." அண்ணன் நல்ல மனிதர், உடனே அனுப்பத்தான் போனார். அவர் பையன் தடுத்து என்னிடம் அழைத்து வந்தான்.

"தம்பி, அடுத்தவன் காசு, ராத்திரி முழுக்க எப்படி வச்சிருக்கிறது? அனுப்பிட்டா நிம்மதி" என்றார்.

முதலில் பணம் நிஜமாக வந்திருக்கிறதா என்று பார்த்தோம். எஸ்எம்எஸ்-ஐ நம்பவில்லை. வங்கியின் குறுஞ்செய்தி ஆங்கில எழுத்துகளால் ஆன தலைப்பிலிருந்து வரும், பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வராது. அதே வாசகத்தை யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்து அனுப்பலாம், வராத பணத்தைத் "திருப்பி" வாங்கலாம். எனவே வங்கியின் செயலியைத் திறந்து கணக்கு அறிக்கையைப் பார்த்தோம். வந்திருந்தது, பன்னிரண்டு இலக்கக் குறிப்பு எண்ணோடு. அடுத்து, அனுப்பியவர் பெயரும், போனில் பேசியவர் பணம் போடச் சொன்ன எண்ணுக்குரிய பெயரும் ஒன்றா என்று பார்த்தோம். ஒன்று இல்லை.

அங்கேயே நிறுத்திவிட்டோம். அண்ணனையே பேசச் சொன்னேன். "பணம் வந்திருக்குங்க. நான் தொடல. நீங்க உங்க பேங்க்ல புகார் குடுங்க, நானும் திங்கக்கிழமை என் பேங்க்ல எழுதிக் குடுத்துடறேன். வந்த கணக்குக்கே திரும்ப வந்துடும்." மறுமுனையில் கெஞ்சல் போய்க் கோபம் வந்தது. போலீசுக்குப் போவேன் என்றார். "போங்க, நல்லதுதான்" என்று அண்ணன் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

ஏன் இவ்வளவு கெடுபிடி? நீங்கள் திருப்பி அனுப்புவதாக நினைக்கும் பணம், கணினியைப் பொறுத்தவரை திருப்பி அனுப்பியது அல்ல. அது புத்தம் புதிய பரிவர்த்தனை. முதலில் வந்த வரவுக்கும் இதற்கும் எந்த முடிச்சும் கிடையாது. நீங்கள் வேறு எண்ணுக்கு 24,000 அனுப்பிய பிறகும், அந்த முதல் வரவின் மேல் புகார் கொடுக்க அனுப்பியவருக்கு வழி இருக்கிறது. அப்போது உங்கள் வங்கி கேட்கும், "24,000 வந்ததா?" வந்தது. "திரும்பப் போனதா?" அனுப்பியவர் கணக்குக்குப் போகவில்லை. போன் பேச்சைத் தவிர உங்களிடம் சாட்சி இல்லை.

இதைவிட மோசமானது, அந்தப் பணமே திருட்டுப் பணமாக இருப்பது. இணைய மோசடியில் ஒருவரிடமிருந்து பிடுங்கிய பணத்தை நேராகத் தன் கணக்குக்குக் கொண்டுபோனால் மாட்டிக்கொள்வோம் என்று மோசடிக்காரருக்குத் தெரியும். நடுவில் சம்பந்தமில்லாத கணக்குகள் வேண்டும். உங்களுக்கு "தவறுதலாக" அனுப்பி, வேறு எண்ணுக்குத் "திருப்பி" வாங்கினால் நீங்கள்தான் அந்த நடுக்கணக்கு. பணத்தை இழந்தவர் 1930-க்குப் போன் செய்தோ cybercrime.gov.in-ல் பதிந்தோ புகார் கொடுத்ததும், பணம் எந்தெந்தக் கணக்கு வழியாகப் போனது என்று அடுக்கடுக்காகத் தேடுவார்கள். முதல் அடுக்கில் உங்கள் பெயர். கணக்கு முடக்கப்படும். எந்த ஊர் போலீஸ் என்றுகூட உடனே தெரியாது, புகார் கொடுத்தவர் வேறு மாநிலத்தில் இருக்கலாம்.

முடக்கம் பற்றி ஒரு நல்ல தீர்ப்பு இருக்கிறது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், வேறு மாநில போலீஸ் கேட்டதன் பேரில் ஒருவரின் முழுக் கணக்கும் ஒரு வருடத்துக்கு மேல் முடங்கிக் கிடந்தது. சந்தேகத்துக்குரிய தொகை சுமார் இரண்டரை லட்சம், கணக்கில் இருந்ததோ அதைவிட அதிகம். சந்தேகத் தொகை எவ்வளவு என்று சொல்லாமல் முழுக் கணக்கையும் முடக்கக் கூடாது என்ற நீதிமன்றம், அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மிச்சத்தைப் பயன்படுத்த அனுமதித்தது. உங்கள் கணக்கு இப்படி மாட்டினால் வங்கியிடம் கேட்க வேண்டியது இதைத்தான்: புகார் எண் என்ன, எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகை. ஆனால் இதைக் கேட்கும்போது "அந்தப் பணம் அப்படியே கணக்கில் இருக்கிறது" என்று காட்ட முடிந்தவருக்கும், "யாரோ கேட்டார், அனுப்பிவிட்டேன்" என்பவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இன்னொரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 2024 கடைசியில் தமிழ்நாடு சைபர் குற்றப்பிரிவின் எச்சரிக்கை ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. சிறு தொகையை உங்கள் கணக்கில் போட்டுவிட்டுக் கூடவே பணம் கேட்கும் கோரிக்கையும் அனுப்புவார்கள், நீங்கள் இருப்பைப் பார்க்க பின் நம்பர் போட்டால் பணம் போய்விடும் என்று. பயந்துபோய் இருப்பே பார்க்காமல் விட்டவர்கள் எனக்குத் தெரியும். செயலியைத் திறப்பதாலோ இருப்பைப் பார்ப்பதாலோ கோரிக்கை ஏற்கப்படாது என்று யூபிஐ-யை நடத்தும் என்பிசிஐ விளக்கம் கொடுத்தது. அதுதான் சரி. கோரிக்கையை நீங்களே தேர்ந்தெடுத்து, தொகையைப் பார்த்து, பின் போட்டால்தான் பணம் போகும். 2025 அக்டோபர் முதல் தனிநபர் தனிநபரிடம் இப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே தைரியமாக இருப்பைப் பாருங்கள். பின் போடும் திரையில் தொகை ஏதாவது தெரிந்தால் மட்டும் வெளியே வந்துவிடுங்கள். பணம் வாங்க ஒருபோதும் பின் தேவையில்லை.

அண்ணன் கதைக்கு வருவோம். திங்கட்கிழமை கிளைக்குப் போனோம். கையால் எழுதிய ஒரு பக்கக் கடிதம். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எவ்வளவு, என்ன குறிப்பு எண் என்று எழுதி, இந்தப் பணம் என்னுடையது அல்ல, இதன்மேல் எனக்கு உரிமை கோரிக்கை இல்லை, பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்குத் திருப்ப இந்தத் தொகையை மட்டும் கழித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன், அதுவரை இதைத் தனியாக நிறுத்திவைக்கவும் என்று எழுதினோம். போனில் பேசியவரின் எண்ணையும், அவர் பணம் போடச் சொன்ன எண்ணையும் சேர்த்தோம். "இந்தத் தொகையை மட்டும்" என்ற மூன்று சொற்கள் முக்கியம். பொத்தாம்பொதுவாக என் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுக்காதீர்கள்.

கவுன்டரில் இருந்தவர், "அவங்க பேங்க்லேர்ந்து மெயில் வரட்டும் சார், அப்புறம் பாக்கலாம்" என்றார். அவர் சொன்னதிலும் தவறில்லை, கோரிக்கை அங்கிருந்துதான் வர வேண்டும். ஆனாலும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகரவில்லை. அந்த முத்திரைத் தேதிதான், பணம் நம்முடையதில்லை என்று தெரிந்த உடனே நாம் என்ன செய்தோம் என்பதற்குச் சான்று. முன்னே சொன்ன 314-வது பிரிவு தேடுவது நேர்மையின்மையை. பணம் வந்த ரெண்டாம் நாள் போட்ட முத்திரைக்கு முன்னால் அந்தக் குற்றச்சாட்டு நிற்பது கஷ்டம்.

அதன்பிறகு நடந்த ஒன்றை யாரும் எதிர்பார்க்கவில்லை. அண்ணன் வீட்டில் மகளிர் குழுக் கடன் ஒன்று ஓடுகிறது. அதன் தவணை 3,200 ரூபாய் மாதம் 5-ஆம் தேதி இவர் கணக்கிலிருந்து தானாகப் போகும். 24,000 வருவதற்கு முன் அவர் கணக்கில் இருந்தது 1,140 ரூபாய். சாதாரணமாக 4-ஆம் தேதி கையில் இருப்பதைக் கொண்டுபோய்க் கட்டிவிடுவார். அந்த மாதம் இந்தக் கலவரத்தில் மறந்துபோனது. 5-ஆம் தேதி காலை தவணை போய்விட்டது. இருப்பு 25,140-லிருந்து 21,940 ஆகிவிட்டது. அதாவது அந்நியர் பணத்தில் 2,060 ரூபாயை அவர் செலவழித்துவிட்டார், அவருக்கே தெரியாமல்.

கணினிக்கு எது உன் பணம், எது அடுத்தவர் பணம் என்ற வித்தியாசம் கிடையாது. கணக்கில் இருப்பது ஒரே எண். கடன் தவணை, இன்சூரன்ஸ் பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட் கட்டு, குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்காகப் பாக்கி வைத்திருந்த அபராதம், எல்லாம் அந்த ஒரே எண்ணிலிருந்துதான் கழியும். பணத்தைத் தொடவே இல்லை என்று நாம் சத்தியம் செய்வோம், அறிக்கை வேறு சொல்லும். வங்கி கடிதத்தை வாங்கியதும் தொகையை நிறுத்திவைத்திருந்தால் இது நடந்திருக்காது, தவணைதான் பணமில்லை என்று திரும்பியிருக்கும். அண்ணன் மறுநாளே கூலியிலிருந்து 2,500 ரூபாய் கட்டிச் சரிசெய்தார். ஆகவே தவறான பணம் வந்த அன்றே, அடுத்த ஒரு மாதத்தில் அந்தக் கணக்கிலிருந்து தானாக என்னென்ன போகும் என்று எழுதிப் பார்ப்பது நல்லது. அந்தத் தொகைக்குக் கீழே இருப்பு ஒருநாளும் இறங்கக் கூடாது.

பதினோராம் நாள் கிளையிலிருந்து போன் வந்தது. அனுப்பியவரின் வங்கியிலிருந்து கோரிக்கை வந்துவிட்டது, சம்மதப் படிவத்தில் கையெழுத்து போடுங்கள் என்றார்கள். போட்டார், 24,000 கழிந்தது.

போனில் பேசியவர் மோசடிக்காரரா? இல்லை. பிறகு அவரே கூப்பிட்டுச் சொன்னார். பணம் அவருடையதுதான், போடச் சொன்ன எண் அவர் மச்சானுடையது. அவருடைய செயலி அன்றைக்குத் தகராறு செய்ததால் மச்சான் மூலம் ஃபீஸ் கட்டிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். கடைசியில் கடன் வாங்கிக் கட்டியிருக்கிறார். நம் எச்சரிக்கையால் ஒரு நேர்மையான மனிதருக்குப் பதினோரு நாள் சிரமம், அது உண்மை. அதற்காக அண்ணன் செய்தது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் குரலையும் மோசடிக்காரர் குரலையும் பிரித்துச் சொல்ல நம்மிடம் எந்தக் கருவியும் இல்லை. மோசடிக்காரரும் இதே காலேஜ் ஃபீஸைத்தான் சொல்வார்.

ஆனால் குரலைவிட நம்பகமான ஒரு தடயம் சில நேரம் கிடைக்கும். யூபிஐ-யில் மொபைல் எண்ணுக்குப் பணம் வந்தால், அனுப்பியவருக்கு உங்கள் எண் தெரியும், போன் வருவது இயல்பு. கணக்கு எண் மூலம், என்ஈஎஃப்டி-யிலோ ஐஎம்பிஎஸ்-ஸிலோ வந்த பணத்துக்கு அந்நியர் ஒருவர் போன் செய்தால் யோசியுங்கள். தவறான கணக்கு எண் தட்டியவருக்கு உங்கள் போன் நம்பர் எப்படித் தெரிந்தது? வாடிக்கையாளர் விவரத்தை வங்கி வெளியே தரக் கூடாது. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்றால் எண்ணைக் குறித்துக்கொண்டு, கிளைக்கே நேரில் போய்விடுங்கள்.

சின்னத் தொகைகளுக்கும் இத்தனை சடங்கா என்று கேட்கலாம். முந்நூறு, ஐந்நூறு ரூபாய்க்கு நான் கடிதம் எழுத மாட்டேன். யூபிஐ செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலில் அந்த வரவைத் திறந்து, அதே நபரின் அதே முகவரிக்கு, அங்கிருந்தே அனுப்பி, இரண்டு பரிவர்த்தனைகளின் திரைப்படத்தையும் எடுத்து வைத்துக்கொள்வேன். போனில் சொல்லும் எண்ணுக்கு ஐந்து ரூபாய்கூடப் போடமாட்டேன். அதே முகவரிக்கு அனுப்புவதிலும் இரண்டாம் முறை புகார் வரும் அபாயம் கொஞ்சம் இருக்கிறது, ஐந்நூறு ரூபாய்க்கு அதைத் தாங்கலாம். ஆயிரங்கள் ஆகும்போது வங்கி வழிதான்.

யாருமே கேட்கவில்லை என்றால்? சில மாதம் ஆகியும் போனும் இல்லை, வங்கியிடமிருந்து கோரிக்கையும் இல்லை. திருப்பூர்க் கணக்கில் நடந்தது சரியாக இதுதான், பல மாத மௌனம். பிகாரில் ககரியா மாவட்டத்தில் ஒருவர் கணக்கில் 2021-ல் கிராம வங்கி ஐந்தரை லட்சத்தைத் தவறிப் போட்டது. பிரதமர் தருவதாகச் சொன்ன பதினைந்து லட்சத்தின் முதல் தவணை என்று நினைத்துச் செலவு செய்துவிட்டேன் என்றார். கைதானார். மௌனத்தை அனுமதி என்று எடுத்துக்கொண்டால் இங்கேதான் போய் நிற்கும். கடிதம் கொடுத்த பிறகும் பணம் கிடந்தால், அந்த முத்திரை போட்ட நகலைக் காட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டல் கொடுக்கலாம். முடிந்தால் அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, உங்கள் கூலியும் தவணைகளும் அங்கே நடக்கும்படி மாற்றிவிடலாம்.

கிளையில் கடிதத்தையே வாங்க மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். கிளையின் மின்னஞ்சலுக்கும், வங்கி இணையதளத்தில் இருக்கும் குறைதீர் அலுவலர் மின்னஞ்சலுக்கும் அதே வாசகத்தை அனுப்பி, ஸ்பீட் போஸ்ட்டிலும் ஒரு நகல் போட்டுவிடுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் cms.rbi.org.in-ல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் பதியலாம், கட்டணம் கிடையாது. தபால் ரசீதைப் பாஸ்புக்குக்குள்ளேயே ஒட்டி வையுங்கள், தேடும்போது அது ஒன்றுதான் கிடைக்காது.